ஆம்புலன்ஸுக்குத் தனி பம்ப் வேண்டுமா, முன்னுரிமை போதுமா?

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன பங்க், டீசல் போட ஒரே ஒரு பம்ப் என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரியாக 12 வண்டிகள் வருகின்றன. அவற்றில் ஒன்றரை, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மூன்று, ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ. டீசல் போட்டு, பில் முடித்து, ஒரு வண்டியை அனுப்ப சராசரியாக 4 நிமிடம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. வண்டிகள் சீரான இடைவெளியில் வராமல் தாறுமாறாக வருகின்றன. டீசல் போடும் நேரமும் கூடிக் குறைகிறது.

மணிக்கு 15 வண்டியைப் பார்க்கக்கூடிய பம்புக்கு 12 வருகிறது. ஆக 80 சதவீத நேரம் பம்ப் வேலையில் இருக்கும். இதில் அவசர வண்டிகளின் பங்கு 0.1, மற்றவற்றின் பங்கு 0.7. இனி வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த இரண்டு எண்களே அடிப்படை.

முதலில், வந்து சேரும் வண்டி எதற்காகக் காத்திருந்தே தீர வேண்டும்? ஏற்கெனவே பம்பில் நிற்பது முடிய வேண்டும். சராசரி 4 நிமிடம் என்றால் மீதி 2 நிமிடம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஒவ்வொரு வண்டியும் கச்சிதமாக 4 நிமிடம் எடுத்தால்தான் அது சரி. நேரம் கூடிக் குறையும்போது, 10 நிமிடம் எடுக்கும் லாரி பம்பை அதிக நேரம் பிடித்துக்கொள்கிறது, ஆகவே புதிதாக வருபவர் அந்த லாரியிடம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். இதுபோன்ற கணக்கில் வழக்கமாக எடுக்கும் அடுக்குக்குறிப் பரவலில், மீதி நேரமும் முழு 4 நிமிடமாகவே வரும். பம்ப் வேலையில் இருக்கும் வாய்ப்பு 0.8 என்பதால், சராசரி 0.8 × 4 = 3.2 நிமிடம். இதை W0 என்போம்.

வந்த வரிசைப்படி விட்டால் எல்லாருக்கும் ஒரே காத்திருப்பு: 3.2 / (1 − 0.8) = 16 நிமிடம். ஆம்புலன்ஸுக்கும் அதுதான்.

முன்னுரிமை கொடுத்தால், ஆலன் காபம் 1954-ல் தந்த சூத்திரம் இருக்கிறது:

```
W1 = W0 / (1 - r1)
W2 = W0 / ((1 - r1) * (1 - r1 - r2))
```

r1 = 0.1, r2 = 0.7 என்று போட்டால் அவசர வண்டிக்கு 3.6 நிமிடம், மற்றவருக்கு 17.8. பம்பில் நிற்கும் வண்டி முடிந்ததும் ஆம்புலன்ஸ் உள்ளே வருகிறது, அவ்வளவுதான் ஏற்பாடு. 16 நிமிடம் 3.6 ஆகிறது, அதற்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அவசர வண்டிகள் கொஞ்சமாக இருப்பதால்தான் இது இவ்வளவு மலிவு.

இன்னொரு வழி, பாதியில் நிறுத்தி இடம் பிடிப்பது. நாசிலை எடுத்து ஆம்புலன்ஸில் வைத்துவிட்டு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

| முறை | அவசர வண்டி (நிமிடம்) | மற்றவை (நிமிடம்) |
|---|---|---|
| வந்த வரிசை | 16 | 16 |
| முன்னுரிமை | 3.6 | 17.8 |
| பாதியில் நிறுத்துதல் | 0.4 | 18.2 |

தாளில் மூன்றாவது வரிசை அழகாகத் தெரிகிறது. ஆனால் பங்க்கில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. பில்லை முடிக்க வேண்டும், மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், நிற்கும் லாரி நகர்ந்து வழி விட வேண்டும். அதற்குள் மிச்சப்படுத்திய மூன்று நிமிடத்தில் பாதி போய்விடும். கம்ப்யூட்டர் செயலிக்குப் பொருந்தும் இந்த முறையை டீசல் பம்புக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி: ஒவ்வொரு வகையின் பங்கையும் அதன் காத்திருப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். 0.1 × 16 + 0.7 × 16 = 12.8. முன்னுரிமையிலும் 0.1 × 3.56 + 0.7 × 17.78, அதே 12.8. காத்திருப்பு கை மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. இந்த வரிசையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க நீங்கள் நிரல் எழுதினால், அதில் இந்தக் கூட்டுத்தொகை மாறினால் எங்கோ பிழை.

சரி, இரண்டாவது பம்ப் வைக்கப் பணம் இருக்கிறது. உடனே வரும் யோசனை, ஒன்றை அவசர வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்குவோம் என்பது. அப்படி ஒதுக்கினால் ஆம்புலன்ஸின் சராசரிக் காத்திருப்பு 0.44 நிமிடம், அதாவது 27 விநாடி. மற்றவர்கள் ஒரே பம்பில் 9.3 நிமிடம் நிற்பார்கள்.

ஒதுக்காமல், எது காலியானாலும் யாரும் போடலாம், ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் அடுத்த முறை அதற்கே என்று வைத்தால்? இரண்டு பம்பும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் வாய்ப்பு, எர்லாங் 1917-ல் தந்த சூத்திரப்படி 0.23 வருகிறது. இரண்டில் ஏதாவது ஒன்று காலியாக அங்கிருந்து சராசரி 2 நிமிடம்; ஆக W0 = 0.457. பங்குகளும் பாதியாகி 0.05, 0.35 ஆகின்றன. மேலே சொன்ன அதே இரண்டு வரியில் போட்டால் ஆம்புலன்ஸுக்கு 0.48 நிமிடம், அதாவது 29 விநாடி. மற்றவருக்கு 0.80 நிமிடம், 48 விநாடி.

தனி பம்பால் ஆம்புலன்ஸுக்குக் கிடைப்பது 2 விநாடி. அதற்காக மற்ற ஒவ்வொருவரும் எட்டரை நிமிடம் கூடுதலாக நிற்கிறார்கள். ஒதுக்கிய பம்ப் 90 சதவீத நேரம் சும்மா கிடக்கிறது.

தனி பம்புக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஆம்புலன்ஸ் காத்திருக்க நேரும் வாய்ப்பு 10 சதவீதம்தான், பொதுவில் 23. ஆனால் காத்திருக்க நேர்ந்தால் தனி பம்பில் சராசரி 4.4 நிமிடம், பொதுவில் 2.1. இன்னொன்று, சூத்திரத்தில் வண்டிக்கு நீளம் அகலம் கிடையாது. நிஜத்தில் முன்னால் நான்கு லாரி நின்றால் முன்னுரிமை இருந்தும் ஆம்புலன்ஸால் பம்ப் வரை போக முடியாது. அதற்குத் தேவை ஒதுக்கிய பாதை, ஒதுக்கிய பம்ப் இல்லை.

முன்னுரிமைப் பட்டியல் நீளும்போது நிலைமை வேறு. 2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை இலங்கையில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பிறகு க்யூஆர் குறியீட்டோடு வாராந்திரப் பங்கீடு வந்தது. அந்த வரிசைகளை இந்தச் சூத்திரம் அளக்காது. அங்கே தட்டுப்பாடு எரிபொருளுக்கே. ஆனால் பட்டியலில் யார் யார் என்ற கேள்வியை நம் பங்க்கிலும் கேட்டுப் பார்க்கலாம். ஒரே பம்ப், அதே 12 வண்டி, ஆனால் பாதிப் பேர் முன்னுரிமைக்காரர்கள். இப்போது r1 = 0.4. அவர்களுக்கு 5.3 நிமிடம், மற்றவருக்கு 26.7. ஆம்புலன்ஸ் 3.6-லிருந்து 5.3-க்குப் போகிறது, பட்டியலில் இல்லாதவருக்கு ஒன்பது நிமிடம் கூடுகிறது.

இதைவிட மோசமானது, கூட்டம் பம்பின் திறனைத் தாண்டுவது. அவசர வண்டிகள் ஒன்றரையாகவே இருக்க, மொத்தம் மணிக்கு 16 வண்டி வருகிறது என்று வையுங்கள். பம்ப் ஓயாமல் ஓடும், W0 = 4, ஆம்புலன்ஸின் காத்திருப்பு 4.4 நிமிடம். அறிக்கையில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் சாதாரண வரிசை மணிக்கு ஒரு வண்டி வீதம் நீண்டுகொண்டே போகும்; அவர்களுக்குச் சராசரி என்று ஒன்றே கிடையாது. நிரலில் எட்டு மணி நேரம் ஓட்டி, டீசல் போட்டுக்கொண்டு போனவர்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் ஏதோ ஒரு எண் வரும். அது பொய்யாகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அதிகம் காத்திருப்பவர்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒவ்வொரு மணி முடிவிலும் வரிசையில் எத்தனை சாதாரண வண்டி மிச்சம் என்று அச்சிடுங்கள். ஓட்டத்தை இருமடங்கு நீட்டியும் அந்த எண்ணும் சராசரியும் ஏறிக்கொண்டே இருந்தால், முன்னுரிமை விதியை மாற்றிப் பயனில்லை, பம்ப்தான் போதவில்லை.