ஏஜென்சி அடித்துத் தரும் பயோடேட்டாவா, தாமே எழுதுவதா?

வளைகுடா நாட்டு வேலைக்கு ஏஜென்சி மூலம் விண்ணப்பிக்கும் எலக்ட்ரீஷியனின் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒரு வகைப் பயோடேட்டா இருக்கும். ஒன்று, ஏஜென்சியின் ஆயத்தப் படிவத்தில் பெயரையும் எண்களையும் மாற்றி அடித்தது. மற்றொன்று, அவர் தாம் பார்த்த வேலைகளைக் கொண்டு தாமே எழுதியது.

படிவத்திற்கு ஒரு நன்மை உண்டு. பாஸ்போர்ட் எண், காலாவதி நாள், வெளிநாட்டு வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையா இல்லையா என்பதைக் குறிக்கும் இ.சி.ஆர். அல்லது இ.சி.என்.ஆர். நிலை, பிறந்த தேதி ஆகியவை அதன் தலைப்பகுதியிலேயே இருக்கும். தாமே எழுதுபவர்கள் பலர் இவற்றை விட்டுவிட்டு, கடின உழைப்பாளி என்பது போன்ற வரிகளில் பாதிப் பக்கத்தைக் கழிக்கிறார்கள்.

அனுபவப் பகுதியில் நிலைமை தலைகீழ். ஐ.டி.ஐ. முடித்து, 2 ஆண்டுகள் வீட்டு வயரிங்கும் 4 ஆண்டுகள் நூற்பாலைப் பராமரிப்பும் பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். படிவம் இவரை ‘எலக்ட்ரீஷியன், 6 ஆண்டுகள், எல்லா வேலைகளும் தெரியும்’ என்று முடித்துவிடும். கட்டுமானத் தளத்திற்கு ஆள் எடுப்பவர் கான்டியூட் பதித்தல், கேபிள் ட்ரே, டி.பி. இணைப்பு ஆகியவற்றைத் தேடுகிறார். தொழிற்சாலைக்கு எடுப்பவர் மோட்டாரையும் பேனலையும் தேடுகிறார். அந்த ஒற்றை வரி இருவருக்குமே பயன்படாது. ‘ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் பழுது பார்த்தல், கான்டாக்டரும் ஓவர்லோடு ரிலேயும் மாற்றுதல், மெக்கரால் மோட்டார் இன்சுலேஷனைச் சோதித்தல்’ என்று ஆலை வேலையை விரித்து எழுதினால் தொழிற்சாலைக்காரர் நின்று படிப்பார். கட்டுமான வேலைக்கு அனுப்பும் பிரதியில் வயரிங் அனுபவத்தை மேலே கொண்டுவந்து விரித்தால் போதும்.

எழுதிய வரியே தொழில்திறனைச் சோதிக்கும் ட்ரேடு டெஸ்டில் கேள்வியாக வரும் என்பதையும் கருத வேண்டும். ஸ்டார்-டெல்டா என்று எழுதியவரிடம் அதன் கன்ட்ரோல் வயரிங்கை வரைந்து காட்டச் சொன்னால், கைப்பழக்கம் உள்ளவர் தயங்கமாட்டார். படிவத்தில் பிறர் சேர்த்த ‘வளைகுடா அனுபவம் 3 ஆண்டுகள்’ என்பதற்கோ ஆதாரம் எதுவும் இருக்காது. அப்படி ஒரு வரி இருப்பதே நேர்காணல் மேசையில்தான் விண்ணப்பித்தவருக்குத் தெரியவரும். ஆகவே, யார் அடித்தாலும் அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியை வாங்கிப் படித்துவிட வேண்டும். பெயரையும் அப்போதே சரிபார்க்கலாம்: ஐ.டி.ஐ. சான்றிதழில் இனிஷியலாக உள்ள தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக இருப்பது நம் ஊரில் வழக்கம். பயோடேட்டாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும்.

என் கணிப்பில், தலைப்பகுதியைப் படிவத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அனுபவத்தைத் தாமே எழுதி ஒரே பக்கத்தில் அடக்குவதுதான் எலக்ட்ரீஷியனுக்கு ஏற்றது. ஓட்டுநருக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை. எந்த வகை வாகனத்திற்கு, எந்த நாளில் உரிமம் பெற்றார் என்பதை லைசென்ஸே சொல்லிவிடுவதால், ஓட்டிய வண்டி டிரெய்லரா, டிப்பரா, பேருந்தா என்ற ஒரு வரியைச் சேர்த்தால் படிவமே போதுமானது. ஹெவி உரிமம் பெற்ற நாளுக்கு முந்தைய ஆண்டுகளை மட்டும் ஹெவி அனுபவமாகக் கணக்கிட்டுவிடக் கூடாது.