சாம்பிள் கேட்டு வாங்கி, அதையே விளம்பரமாக ஓடவிட்ட லண்டன் கடை

திருகோணமலையில் இருந்து வெளிநாட்டுக் கடைகளுக்கு விளம்பரம் எழுதுபவர்கள், குரல் கொடுப்பவர்கள் கவனத்துக்கு.

ஆளைப் பிடித்துத் தந்தது இடையில் நின்ற ஒரு தம்பி. லண்டனில் ஒரு தமிழ் மளிகைக் கடை, முப்பது செக்கன் விளம்பரம், எழுத்தும் குரலும் சேர்த்து 25,000 ரூபாய். முற்பணம் கேட்டதற்கு, "அண்ணா, முதலாளி ஒருக்கா கேட்டுப் பார்க்கட்டும், சாம்பிள் ஒன்று போடுங்கோ, பிறகு எல்லாம் சரி" என்றான்.

வட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் இருபது சாமானுக்கு மேல். கடைப் பெயர், தெரு, பதினொரு இலக்கத் தொலைபேசி எண் இவற்றைச் சொல்லவே எட்டு, ஒன்பது செக்கன் போய்விடும். மிச்ச நேரத்தில் இருபது சாமானை வாசித்தால் கேட்பவருக்கு ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பொருளைப் பிடித்தேன், வறுத்த மிளகாய்த் தூள்.

அம்மா (போனில்): குழம்பு என்னடா இப்பிடிச் சிவந்து கிடக்கு? தூள் வறுத்ததோ?
மகன்: இங்க எங்கயம்மா வறுக்கிறது? செத்தல் மிளகாயைச் சட்டியில போட்டாலே புகை அலாரம் கத்துது!

லண்டன் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் மிளகாய்த் தூள் பெரும்பாலும் வெறும் மிளகாய்தான். நம் வீட்டுத் தூளில் மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் வறுபட்டுச் சேர்ந்திருக்கும், நிறமும் கறுத்துத்தான் இருக்கும். அங்கே இருக்கிற பிள்ளைக்கு இது உடனே விளங்கும். 'தாய்மண்ணின் சுவை' என்று எழுதியிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து வந்தது திருத்தம். 'ஊரில் இருந்து நேரடியாக வந்த தூள்' என்று போட வேண்டுமாம். பக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பொதி செய்த இடம் பிரித்தானியா என்று இருந்தது. 'கிண்ணியா எருமைத் தயிர்' என்றும் ஒரு வரி கேட்டார்கள். ஊருக்கு வந்து போகிறவர்கள்கூடப் பயணப் பையில் பால் பொருள் கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை. அந்த முட்டித் தயிர் எந்த வழியால் போனது என்று கேட்டேன். பதில் வரவில்லை. இரண்டையும் எழுத மறுத்துவிட்டேன்.

மாதிரிக் குரலை அலுமாரிக்குள் தலையை விட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்தேன். கடைப் பெயர், எண் எல்லாம் சேர்த்து முழுசாக வேண்டும் என்றார்கள், அனுப்பினேன். அத்தோடு அந்தப் பக்கம் அடங்கிவிட்டது. பிறகு ஒருநாள் தம்பியிடம் இருந்து, "முதலாளிக்குப் பிடிக்கேல்லையாம் அண்ணா" என்று ஒரு செய்தி.

லண்டனில் இருக்கும் மச்சாள் முகநூலில் ஓடிய அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். என் எழுத்து, என் குரல், அடியில் ஓர் இசை. "வேற ஆளை வைச்சுச் செய்தது" என்று தம்பி சாதித்தான். ஆனால் மகன் பேசும் வரிக்குப் பின்னால் இரண்டு தரம் பாம் பாம் என்று கேட்கிறது. அது காலையில் எங்கள் உவர்மலை ஒழுங்கைக்கு வரும் மீன்காரரின் ஹோர்ன். லண்டன் ஸ்டூடியோவுக்குள் அவர் எப்படி வந்தார்? நான் மறுத்த 'ஊரில் இருந்து நேரடியாக' என்ற வரியை எழுத்தாகத் திரையில் போட்டிருந்தார்கள். அதுதான் காசை விட எரிச்சல்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய ஆக்கத்துக்கு உரிமை கிடைக்கப் பதிவு தேவையில்லை. என் மூலக் குரல் கோப்பு, வட்ஸ்அப்பில் அனுப்பிய திகதி, இரண்டையும் வைத்து முகநூலின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினேன். வீடியோ இறங்கியது. காசு இன்னும் வரவில்லை. அங்கே வழக்குப் போட ஆகும் செலவுக்கு முன்னால் 25,000 ரூபாய் ஒன்றுமில்லை, அது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது நான் மாதிரிக் குரலில் கடைப் பெயருக்குப் பதிலாக 'இன்ன கடை' என்றும் எண்ணுக்குப் பதிலாகச் சுழியங்களையும் சொல்கிறேன். நடுவில் ஓரிடத்தில் "இது மாதிரி" என்ற வார்த்தையும் போகும், அதை வசனத்தின் மேலேயே விழ வைக்கிறேன், வெட்டி எடுக்க முடியாதபடி. பாதிக் காசு வந்த பிறகுதான் முழுக் குரல். முகநூலுக்கு மட்டுமா, வானொலிக்குமா, எத்தனை மாதம் என்பதை முதலாளியிடம் இருந்தே எழுத்தில் வாங்குகிறேன், இடையில் நிற்பவரின் "சரி அண்ணா" போதாது.

மட்டக்களப்பில் ஒரு தங்கச்சியிடம் அதே தம்பி தீபாவளி விளம்பரத்துக்குச் சாம்பிள் கேட்டிருக்கிறான். வேறு யாரிடமாவது வந்திருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், எண்ணைத் தருகிறேன்.