நான்காவது வருடத்தில் என் ஸ்கூட்டர் பேட்டரி: 73 ஆயிரமா, 9 ஆயிரமா?

2021 அக்டோபரில் வாங்கிய மின்சார ஸ்கூட்டர். திருமங்கலத்திலிருந்து மதுரை சிம்மக்கல்லுக்குத் தினமும் போக வர 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 2.6 கிலோவாட்-ஹவர் பேட்டரி பேக், புதிதில் முழு சார்ஜுக்கு 85 கிலோமீட்டர் ஓடியது.

வாரண்டி 3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலில் முடிகிறதோ அது. வாங்கும்போது என் கண்ணில் பட்டது '3 ஆண்டு' மட்டும்தான். தினமும் ஓட்டுபவனுக்குக் கிலோமீட்டர்தான் முதலில் தீரும். எனக்கு இரண்டரை வருடத்திலேயே தீர்ந்தது.

27,000-ஐத் தாண்டியபோது மைலேஜ் 68 ஆகியிருந்தது. சர்வீஸில் சொன்னேன். கணினியில் மாட்டிப் பார்த்து, "பேட்டரி ஹெல்த் 79 சதவீதம் சார், 70-க்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவோம்" என்றார்கள். நியாயம்தான், விதிமுறையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அப்போதே வண்டி ஒருமுறை 20 சதவீதத்திற்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டே சட்டென்று நின்றிருந்தது. அதை வாயால் சொன்னேனே தவிர, ஜாப் கார்டில் எழுத வைக்கவில்லை. அதில் இருந்தது 'மைலேஜ் குறைவு' என்ற இரண்டே சொற்கள். மைலேஜ் மெல்லக் குறைவது தேய்மானம். சார்ஜ் இருக்கும்போதே நிற்பது பழுது. வாரண்டியில் இரண்டுக்கும் வேறு வேறு பதில். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தபோது வண்டி 34,000 ஓடியிருந்தது.

அன்று வேலை முடிந்து மாட்டுத்தாவணி வரை போய்விட்டுத் திரும்பினேன். கப்பலூர் டோல்கேட் அருகே மீட்டரில் 26 சதவீதம். அடுத்த நொடி வண்டி செத்தது. மீதி தூரம் லோடு ஆட்டோவில்.

கம்பெனியில் புது பேக் 62,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஸ்கூட்டராக வாங்கினால் 5 சதவீதம், பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. ஆக 73 ஆயிரம். வண்டியை விற்றாலே 35 ஆயிரம் தேறாது.

அப்புறம்தான் பேட்டரி செல் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் போனேன். அவர் உடனே பேக்கைப் பிரிக்காதது எனக்குப் பிடித்தது. என் பேக்கில் 280 செல். இருபது இருபதாகப் பக்கவாட்டில் சேர்த்து ஒரு குரூப். அப்படி 14 குரூப் வரிசையாக. அதில் ஒரே ஒரு குரூப் காலியானாலும், செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டு மொத்த பேக்கையும் துண்டித்துவிடும், மற்ற பதின்மூன்றில் எவ்வளவு மிச்சமிருந்தாலும்.

முழுதாக சார்ஜ் ஏற்றி ஒவ்வொரு குரூப்பையும் அளந்தார். எல்லாம் 4.16 வோல்ட்டை ஒட்டியே. இரண்டு நாள் சும்மா வைத்து மறுபடி அளந்தார், இறங்கவில்லை. "ஏதாவது ஒண்ணு தானா இறங்கியிருந்தா உள்ளே செல் கசியுதுன்னு அர்த்தம்ணே. இது அது இல்லை" என்றார். பிறகு லோடு கொடுத்து இறக்கிப் பார்த்தபோது மற்றவை 3.55-இல் நிற்க, ஒன்பதாவது மட்டும் 3.02.

பிரித்ததும் காரணம் தெரிந்தது. ஒன்பதாவது குரூப்பின் ஓரத்தில் நிக்கல் பட்டை ஐந்து செல்களிலிருந்து வெல்டு விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. இருபதில் ஐந்து போனால் கால் பங்கு. 26 சதவீதத்தில் நின்றதன் கணக்கு அங்கேயே சரியாகிவிட்டது.

பட்டையை மட்டும் ஒட்டினால் போதாதா என்று கேட்டேன். மற்ற பதினைந்தும் இத்தனை நாள் இருபதின் சுமையைத் தூக்கித் தேய்ந்திருக்கும், சும்மா கிடந்த ஐந்தோடு ஒத்துப்போகாது என்றார். இருபதையும் அதே மாடல் செல்லாக மாற்றி, பக்கத்துக் குரூப்களின் வோல்ட்டேஜுக்குக் கொண்டுவந்த பிறகே இணைத்தார். எல்லாம் ஸ்பாட் வெல்டிங். ஈயப்பற்று வைப்பவராக இருந்திருந்தால் பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தச் சூடு செல்லைக் கெடுத்துவிடும். மூடும்போது புது ரப்பர் கேஸ்கெட். மொத்தம் 9,400 ரூபாய், ஆறு மாத வாய்மொழி உத்தரவாதம்.

இதில் கிடைக்காதது ஒன்று உண்டு: பழைய 85 கிலோமீட்டர். மற்ற பதின்மூன்று குரூப்பும் வயதானவைதானே. 65 ஓடுகிறது, எனக்கு அது போதும். பதினான்கும் ஒரேபோலத் தேய்ந்திருந்தாலோ, உள்ளே தண்ணீர் புகுந்திருந்தாலோ, பேக் முழுக்கப் பசை ஊற்றி இறுக்கியிருந்தாலோ அந்தத் தம்பியே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். நானும் புதுசுக்குத்தான் போயிருப்பேன். வாரண்டி பாக்கி இருந்தாலும் பிரிக்கவே விட்டிருக்க மாட்டேன், சீல் உடைந்தால் அதோடு வாரண்டி போச்சு.

பழுது பார்த்துப் பதினொரு மாதம், 11,000 கிலோமீட்டர் ஆகிறது. இப்போது 8 சதவீதம் வரை இறங்கியும் வண்டி நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் 14 குரூப்பையும் அளந்து காலண்டரின் பின்பக்கம் எழுதி வைக்கிறேன். போன ஞாயிறு அளந்ததில் நான்காவது மட்டும் மற்றவற்றைவிட 0.04 வோல்ட் கீழே. "அடுத்த தடவையும் பார்ப்போம்ணே" என்றார்.