காபன் வட்டம்: காட்சிப்படமா, பெட்டிப்படமா?

பத்தாம் தரத்துக்குக் காபன் வட்டம் படிப்பிக்கும்போது முன்பெல்லாம் காட்சிப்படம்தான் வரையச் சொல்வேன். மலை, மரம், மாடு, புகைபோக்கி, நடுவே அம்புகள். பிள்ளைகள் ஆசையாக வரைவார்கள், சுவரில் ஒட்டினால் அழகாகவும் இருக்கும். இரண்டு வருடமாகப் பெட்டிப்படத்துக்கு மாறிவிட்டேன். வளிமண்டலம், தாவரம், மண், சமுத்திரம், சுவட்டு எரிபொருள் என்று ஐந்து பெட்டிகள், இடையில் அம்புகள், அவ்வளவுதான்.

என்னை மாற்றியது அம்பின் வால். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி தேயிலை ஸ்டோரின் புகைபோக்கியிலிருந்து மேலே ஓர் அம்பு போட்டு, ‘சுவட்டு எரிபொருள் தகனம்’ என்று எழுதியிருந்தாள். ஸ்டோரில் என்ன எரிக்கிறார்கள் என்று கேட்டேன். “விறகுதான் சேர், எங்க அப்பாதான் அடுப்புக்குப் போடுறாரு” என்றாள். புகைபோக்கி காபனைத் தேக்கிவைக்கும் இடமல்ல, அது வெறும் வழி. காட்சிப்படத்தில் அம்பு அங்கேயே தொடங்கிவிடுவதால், காபன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழுவதில்லை.

பெட்டிப்படத்தில் வால் ஏதாவது ஒரு பெட்டியைத் தொட்டாக வேண்டும். யூக்கலிப்டஸ் விறகின் அம்பு தாவரப் பெட்டியிலிருந்து கிளம்பும், கொழுந்து ஏற்றும் லொறியின் டீசல் அம்பு சுவட்டு எரிபொருள் பெட்டியிலிருந்து. விறகிலுள்ள காபன் சில பத்து வருடங்களுக்குள் இதே காற்றிலிருந்து மரம் எடுத்தது, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு வளர்த்தால் திரும்பவும் மரத்துக்குள் போகும். நடாவிட்டால் தாவரப் பெட்டி சுருங்கும். டீசலின் காபனோ கோடிக்கணக்கான வருடம் நிலத்தடியில் கிடந்தது, அதை எரித்தால் காற்றுக்குப் புதிதாகச் சேர்கிறது.

அடுத்தது கணக்கு. பெட்டிக்குள் எழுதுவது பில்லியன் தொன் காபன், அம்பின்மேல் எழுதுவது வருடத்துக்கு இத்தனை பில்லியன் தொன். இந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது. வளிமண்டலத்தில் இருப்பு சுமார் 900. வருடாவருடம் எரிபொருளிலிருந்து சுமார் 10, காடழிப்பிலிருந்து 1, ஆக 11 உள்ளே வருகிறது. நிலம், அதாவது தாவரமும் மண்ணும் சேர்ந்து, நிகரமாக 3, சமுத்திரம் 3 எடுத்துக்கொள்ள, 5 காற்றிலேயே தங்கிவிடுகிறது. மீதி 5 வரவில்லையென்றால் ஏதோ ஓர் அம்பு விடுபட்டிருக்கும், அல்லது தலைகீழாக நிற்கும்.

ஒரு பையனுக்கு மீதி 32 வந்தது. எரிபொருளுக்கு 37 என்று எங்கிருந்தோ எழுதி வந்திருந்தான். அது காபனீரொட்சைட்டின் நிறை, அதில் 44 பங்கில் 12 பங்குதான் காபன். 12/44 ஆல் பெருக்கியதும் 10 ஆனது. அவனே பிழையைப் பிடித்தான், காட்சிப்படத்தில் அதற்கு வழியே இல்லை.

ஆறாம், ஏழாம் தரத்தில் பெட்டிப்படத்தை நான் முயன்று பார்த்ததில்லை. அந்த வயதுக்குக் காட்சிப்படமே பொருந்தும் என்று நினைக்கிறேன். பத்தாம் தரத்தில் மட்டும் இப்போது முதலில் ஐந்து பெட்டிகள், பிறகு பென்சிலால் வால்கள், வால்களைப் பார்த்துத் திருத்திய பிறகே அம்புத்தலை.