அடுப்படி சுவிட்ச்போர்டு: உலர்துணியா, சோப்புத் தண்ணீரா, ஆல்கஹாலா?

அடுப்புக்குப் பக்கத்துச் சுவிட்ச்போர்டில் படிவது வெறும் தூசி அல்ல. தாளிப்பு எண்ணெய்ப் புகையில் தூசி ஒட்டி, விரலில் பிசுபிசுக்கும் படலம். ஹால் போர்டுக்குப் போதுமான உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி இங்கே அதைப் பரப்பிவிடத்தான் செய்யும்.

எதை எடுத்தாலும் முதலில் மெயின் பெட்டியில் அந்த லைனுக்கான பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி.யை இறக்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அதன் பின்பக்க முனையில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கிய பிறகும் சில பாயிண்டுகள் உயிரோடிருக்கும், அதையும் அணைக்க வேண்டும். லைட் எரியாததை வைத்து முடிவு செய்யாமல் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

சோப்புத் தண்ணீர் மலிவு, பிளாஸ்டிக்குக்குக் கெடுதலும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு. கைக்குட்டையில் பாதியளவு துணியில் ஒரு டீஸ்பூன் மட்டும் ஊற்றி, கசக்கிப் பரப்பிவிடுங்கள். துணியை டிஷ்யூ பேப்பரில் அழுத்தும்போது ஈரத் தடம் விழுந்தால் அது அதிகம், இன்னும் பிழிய வேண்டும். சிக்கல் சோப்பில்தான்: சுவிட்சின் இடுக்கில் இறங்கினால் தண்ணீர் காய்ந்தாலும் சோப்பு அங்கேயே தங்கி, அடுத்த மழைக்கால ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை, உலர்துணியால் ஒருமுறை துடைத்து, அரைமணி நேரம் விடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு என் ஓட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு. துணி முனையில் ஏழெட்டுச் சொட்டு போதும், ஒரு சுவிட்ச் முடியும் முன்பே காய்ந்துவிடும். 70 சதவீதப் பாட்டிலில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் 99 சதவீதமே இடுக்குகளுக்கு நல்லது. ஆனால் சட்டெனத் தீப்பிடிக்கும்: அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வாசனை போன பிறகே கரண்ட். மிக்ஸி, மைக்ரோவேவ் பட்டன்களின் அச்செழுத்தில் அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் போய்விடும், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

கண்ணாடி ஸ்ப்ரேயை நேராக அடிப்பதுதான் மிக மோசம். துளி சாக்கெட் துளைக்குள்ளேயே போகும். அமோனியா கலந்த ஸ்ப்ரே பாலிகார்பனேட் பிளேட்டில் நுண்விரிசல் விழவைக்கும். தின்னர் இன்னும் கொடூரம், தொட்ட இடமே மங்கிவிடும்.

சாக்கெட் துளைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். கரண்ட் இல்லாதபோது உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலாகத் தட்டினால் போதும்.

கரண்ட் போட்டதும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இறங்கினால் உள்ளே ஈரம் போயிருக்கலாம். திரும்பத் திரும்ப ஏற்றாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தால் அது அழுக்கே இல்லை, லூஸ் காண்டாக்டில் சூடேறிக் கருகிய பிளாஸ்டிக். அந்தச் சாக்கெட்டை மாற்றத்தான் வேண்டும்.