ஆஸ்திரேலியா போற இன்ஜினியர்ஸ்: வாஷிங்டன் அக்கார்டா, சிடிஆரா?

ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற இன்ஜினியர்களோட தகுதியைப் பாக்குற அமைப்புதான் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. அவங்ககிட்ட நம்ம டிகிரியோட தரத்தைக் காட்ட பெரும்பாலும் ரெண்டு வழிதான்: ஒரு நாட்டு இன்ஜினியரிங் டிகிரிய இன்னொரு நாடு ஏத்துக்குற ஒப்பந்தமான வாஷிங்டன் அக்கார்டு, இல்லன்னா நம்ம வேலைய நாமளே எழுதிக் காட்டுற சிடிஆர் அறிக்கை.

யாருக்கு: அக்கார்டுன்னா இந்தியாவுல கோர்ஸ்களோட தரத்தைப் பாத்து அங்கீகாரம் தர்ற என்பிஏவோட டியர் 1 அங்கீகாரம் இருக்கணும், அதுவும் 2014ல இந்தியா முழு உறுப்பினரான பிறகுதான் செல்லும். டியர் 2, நாக் கிரேடு, ஏஐசிடிஇ அனுமதி எதுவும் இதுக்கு ஈடு கிடையாது. சிடிஆருக்கு இந்தக் கண்டிஷனே இல்ல.

இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. அங்கீகாரம் காலேஜுக்கு இல்ல, அந்தந்த கோர்ஸுக்கு, அதுவும் குறிப்பிட்ட வருஷங்களுக்குத்தான், அதனால ஒருத்தர் 2017ல மெக்கானிக்கல் முடிச்சு அவங்க டிபார்ட்மெண்டுக்கு 2018லதான் டியர் 1 கிடைச்சிருந்தா அவருக்கு அக்கார்டு வழி கிடையாது. என்பிஏ சைட்ல கோர்ஸ், டியர், வருஷம் மூணையும் பாத்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

உழைப்பு: அக்கார்டுக்கு சர்டிபிகேட், மார்க்ஷீட் மாதிரி பேப்பர்ஸ் போதும். சிடிஆர்ல நீங்க செஞ்ச வேலைய வச்சு மூணு கேரியர் எபிசோட் எழுதணும், "நாங்க செஞ்சோம்"னு இல்லாம "நான் கணக்கு போட்டேன்"னு வரணும். ஏஜென்ட்கிட்ட காப்பி வாங்காதீங்க, கண்டுபிடிச்சா ரிஜெக்ட் ஆகி தடையும் வரும்.

செலவு: சிடிஆர் ஃபீஸ்தான் அதிகம்.

டியர் 1 அங்கீகாரம் இருந்த வருஷங்கள்ல முடிச்சவங்க கண்ணை மூடிட்டு அக்கார்டு, மத்தவங்க சிடிஆர். எதுல போனாலும் இது லைசென்ஸ் இல்ல, குயின்ஸ்லாந்துல ஆர்பிஇக்யூங்கிற இன்ஜினியர் பதிவு வேணும்னா அனுபவத்தைத் தனியா பாப்பாங்க.