ட்ரஸ் கேள்வி: ஜொயின்ட் ஜொயின்டா போறதா, ஒரே வெட்டா வெட்டுறதா?

எக்ஸாம் கிட்ட வந்தா வருசா வருசம் ஒரு தம்பியாவது இதக் கேப்பான். போன கிழமை அக்கரைப்பத்துலருந்து ஒருத்தன் கல்லடிக்கு நம்மட வீட்ட வந்து வெறாந்தாவுல கொப்பிய விரிச்சு வச்சிட்டு, "அண்ண, இந்த ஜொயின்ட் மெதட் பெரிய இழுவையா கிடக்கு, செக்‌ஷன் மெதட்ட மட்டும் பாத்திட்டுப் போகட்டா?" எண்டான். இழுவைதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா பாதி மெம்பர்லதான் இழுவை, மிச்சத்துல உதைப்பும் இரிக்கு எண்டு சொன்னேன், அவன் சிரிக்கல்ல. சரி எண்டு ஒரே ட்ரஸ்ஸ ரெண்டு விதமாவும் செஞ்சு பாத்தம். அதத்தான் இஞ்ச எழுதுறன்.

ட்ரஸ் சின்னன்தான். கீழ A, B, C, D, E எண்டு அஞ்சு ஜொயின்ட், 3 மீட்டருக்கு ஒண்டு, மொத்தம் 12 மீட்டர். B, C, D மூண்டுக்கும் நேர மேல 4 மீட்டர் உயரத்துல F, G, H. ரெண்டு அந்தத்துலயும் AF, EH எண்டு சரிவு, நடுவுல FC, HC எண்டு ரெண்டு சரிவு, BF, CG, DH நிமிந்து நிக்கிறது. இந்த வடிவத்துக்கு ப்ராட் ட்ரஸ் எண்டு பேர், 1844ல அமெரிக்காவுல பேட்டன்ட் எடுத்தது. B-லயும் C-லயும் 40 கிலோநியூட்டன் கீழ்நோக்கி லோட், D-ல ஒண்டும் இல்ல. A-ல பின் சப்போர்ட், E-ல ரோலர் சப்போர்ட். மொமென்ட் எடுத்தா ரியாக்‌ஷன் A-ல 50, E-ல 30.

இனி ஜொயின்ட் மெதட். தெரியாத மெம்பர் ரெண்டுக்கு மேல இல்லாத ஜொயின்ட்லதான் கால வைக்க ஏலும், ஏனெண்டா ஒரு ஜொயின்ட்டுக்குக் கிடைக்கிறதே ரெண்டு சமன்பாடுதான், கிடையா ஒண்டு நிலைக்குத்தா ஒண்டு. அதால A-ல தொடங்கணும். எல்லா மெம்பரையும் இழுவை எண்டு வச்சு, ஜொயின்ட்ட விட்டு வெளிய போற அம்புக்குறியா கீறிட்டு, விடை மைனஸ்ல வந்தா உதைப்பு எண்டு எடுத்தா குழப்பம் குறைவு. சரிவு 3-4-5 முக்கோணம் எண்டபடியா:

```
A:  50 + 0.8 AF = 0           AF = -62.5
    AB + 0.6 AF = 0           AB = 37.5
B:  BF = 40,  BC = 37.5
F:  -0.8 AF - BF - 0.8 FC = 0     FC = 12.5
    FG + 0.6 FC - 0.6 AF = 0      FG = -45
```

F-ல கொஞ்சம் நில்லுங்க, அநேகமா எல்லாரும் விழுற குழி அதுதான். AF உதைப்பு எண்டு A-லயே தெரிஞ்சிட்டு. F-க்கு வந்த உடன கனபேர் அம்புக்குறிய F-ஐ நோக்கித் திருப்பிக் கீறுறாங்க, அது தப்பில்ல, ஆனா திருப்பிக் கீறினதுக்குப் பொறவும் -62.5 எண்டு மைனஸோடயே போட்டா ரெண்டு தரம் திருப்பின மாதிரி ஆகிரும். அப்ப FC 12.5க்குப் பதிலா -112.5 எண்டு வரும். அம்ப வெளிய விட்டு மைனஸ் போடு, இல்லாட்டி அம்ப உள்ள திருப்பி வெறும் 62.5 போடு, ரெண்டுல ஒண்டுதான்.

மறுகா G. அதுல லோட் இல்ல, FG-யும் GH-உம் ஒரே நேர்கோட்டுல கிடக்கு, அப்ப CG சுழி, GH -45. D-லயும் இதே கதை, DH சுழி. இத ஆரம்பத்துலயே படத்துல சின்ன வட்டம் போட்டுக் குறிச்சிட்டா ரெண்டு மெம்பர் சும்மா முடிஞ்சிரும். ஆனா அந்த அவசரத்துல BF-யையும் சுழி எண்டு போட்டிராதீங்க, B-ல 40 தொங்குது, அந்த 40ஐ BF தூக்கித்தான் பிடிச்சிட்டு நிக்கிது. வலப்பக்கம் E-ல இருந்து வந்தா HE -37.5, DE-யும் CD-யும் 22.5, H-ட நிலைக்குத்துச் சமன்பாட்டுல HC 37.5. பதிமூணு மெம்பரும் முடிஞ்சிது.

செக்‌ஷன் மெதட்ல வேலை வேற மாதிரி. FG, FC, BC மூண்டையும் ஒரே வெட்டா வெட்டி இடப்பக்கத்த மட்டும் தனியா எடு. FC-யும் BC-யும் C-ல சந்திக்கிறபடியா C-ஐச் சுத்தி மொமென்ட் எடுத்தா FG மட்டும் மிஞ்சும்:

```
50×6 - 40×3 + 4 FG = 0        FG = -45
50×3 - 4 BC = 0               BC = 37.5
50 - 40 - 0.8 FC = 0          FC = 12.5
```

ரெண்டாவது வரி F-ஐச் சுத்தி, மூண்டாவது நிலைக்குத்து. மூணே வரி, ஒண்டுட விடை மத்ததுக்குத் தேவையே இல்ல. நான் செஞ்சு பாத்த அளவுல ரியாக்‌ஷனோட சேத்து ஏழெட்டு நிமிசம். ஜொயின்ட்ல பதிமூணையும் படம் கீறி ஒழுங்கா எழுத இருவது இருவத்தஞ்சு நிமிசம் போகும். இத மட்டும் பாத்தா தம்பி சொன்னது சரிதான் எண்டுதான் தோணும்.

ஆனா நேரத்த விட முக்கியமானது ஒண்டிரிக்கு. பிழை விட்டா அது எங்க வெளிக்கும்? செக்‌ஷன்ல ரியாக்‌ஷன மாத்திப் போட்டு A-ல 30, E-ல 50 எண்டு வச்சா FG -15 எண்டு வரும், பாக்க நல்ல வடிவான விடை, ஒண்டும் உறுத்தாது, கோடு கீறிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவீங்க. அதே பிழையோட ஜொயின்ட்ல போனா இடப்பக்கத்தால வந்து GH -15, வலப்பக்கத்தால H-ட கிடைச் சமன்பாட்டுல GH -75. அந்த இடத்துலயே பிடிபட்டிரும்.

இதுக்குக் காரணம் இரிக்கு. எட்டு ஜொயின்ட், ஒண்டுக்கு ரெண்டு சமன்பாடு, மொத்தம் 16. மெம்பர் 13. ரியாக்‌ஷன் மூண்டையும் முழு ட்ரஸ்ஸ வச்சு முதலே கண்டுபிடிச்சிட்டம், அப்ப மூணு சமன்பாடு பாவிக்காம மிஞ்சிக் கிடக்கு. H-ட கிடை ஒண்டு, C-ட ரெண்டும். C-ல போட்டுப் பாருங்க, மேல 0.8×12.5 + 0.8×37.5 = 40, கீழ லோட் 40, சரி. கிடையா வலப்பக்கம் 22.5 + 22.5, இடப்பக்கம் 37.5 + 7.5, அதுவும் சரி. முன்னால சொன்ன -112.5 பிழைய விட்டிருந்தா C-ல நிலைக்குத்தா 100 கிலோநியூட்டன் பொருந்தாம நிண்டிரிக்கும். கனபேர் பதிமூணாவது மெம்பரோட பேனைய மூடிருறாங்க, C-க்குப் போறதே இல்ல. இருவது நிமிசம் செலவழிச்சு உழைச்ச செக்க ரெண்டு வரி எழுதப் பஞ்சிப்பட்டு விடுறது எனக்கு விளங்காத விசயம்.

இதெல்லாம் சொல்லி முடிச்சிட்டு தம்பிட்ட நீயே ஒருக்கா செய் எண்டு குடுத்தேன். செஞ்சான், C-ஐயும் செக் பண்ணினான், எல்லாம் அச்சொட்டா பொருந்திட்டு, ஆனா FG -80 எண்டு இரிக்கு. "அண்ண, C சரி வருதே?" எண்டு முழிக்கிறான். படத்தப் பாத்தா சைனையும் கொசையும் மாத்திட்டான், 0.8 வர வேண்டிய எல்லா இடத்துலயும் 0.6, 0.6க்கு 0.8. ஒரு இடத்துல மட்டும் மாத்தியிருந்தா C காட்டிக் குடுத்திரிக்கும், தொடக்கத்துலருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி மாத்தினதால அவன் உண்மையில வேற ஒரு ட்ரஸ்ஸச் செஞ்சிரிக்கான், ஒரு பெனல் 4 மீட்டர் அகலம் 3 மீட்டர் உயரம் உள்ள ஒண்ட. பெனல் எல்லாம் சமன் எண்டபடியா அந்த ட்ரஸ்ஸுக்கும் ரியாக்‌ஷன் 50, 30தான், அதுக்கு அவன்ட விடை முழுக்கச் சரி. பொறவு எப்பிடிப் பொருந்தாமப் போகும்? லோட்ட பேப்பர்லருந்து பிழையா பாத்து எழுதினாலும் இதே நிலைதான், எல்லாம் பொருந்தும், எல்லாம் பிழை. நானும் படிக்கிற காலத்துல ஒரு பேப்பர்ல இதே சைன் கொஸ் வேலையப் பாத்திட்டு, எல்லாம் பொருந்திட்டு எண்டு சந்தோசமா வெளிய வந்து கூட்டாளிமாரோட விடை ஒப்பிடக்குள்ளதான் தலையில கை வச்சேன்.

இந்தப் பிழையப் பிடிக்க செக்‌ஷன்தான் வேணும். மொமென்ட் எடுக்கக்குள்ள கோணம் வராது, படத்துல இரிக்கிற 6 மீட்டர், 3 மீட்டர், 4 மீட்டர் எண்டு நீளங்கள்தான் வரும். தம்பிய C-ஐச் சுத்தி ஒரே ஒரு மொமென்ட் எடுக்கச் சொன்னேன், 300லருந்து 120 போனா 180, அத நாலால பிரிச்சா 45. கொப்பியில 80. கொஞ்ச நேரம் ரெண்டையும் மாறி மாறிப் பாத்திட்டு அழிறப்பரத் தேடினான்.

கம்பைன்ட் மெத்ஸ் செஞ்சு வந்த ஆக்கள் மூண்டாவதா ஒண்டு கேப்பாங்க, போவின் குறிப்பீட்டோட தகைப்பு வரிப்படம் கீறினா என்ன எண்டு. அது வேற மெதட் இல்ல, இதே ஜொயின்ட் மெதட்டப் படமா கீறுறதுதான், அதுவும் ரெண்டு தெரியாததுள்ள ஜொயின்ட்லருந்துதான் தொடங்கும். ஏ.எல்.க்கு நல்லம். இந்த எக்ஸாம்ல ஒவ்வொரு ஜொயின்ட்டுக்கும் சமன்பாட எழுதிக் காட்டச் சொல்லித்தான் கேப்பாங்க, அதால நான் தொடச் சொல்லமாட்டன்.

ஜொயின்ட் மெதட் ஒரேயடியா மாட்டுற இடமும் இரிக்கு. நெல்லு ஸ்டோர், அரிசி மில் கூரையில வாற பெரிய ஃபிங்க் ட்ரஸ் குடுத்தா, ஓரத்துலருந்து மூணு ஜொயின்ட் நல்லாப் போகும், அதுக்கு அங்கால எந்த ஜொயின்ட்டுக்குப் போனாலும் தெரியாதது மூண்டு நிக்கும். அங்க நிண்டு மாயக் கூடாது. நடுவால வெட்டி, கூரை உச்சியச் சுத்தி மொமென்ட் எடுத்தா கீழ நடுவுல ஓடுற இழுவைக் கம்பிட விசை தனியா வந்திரும், ஏனெண்டா வெட்டுப்பட்ட மத்த ரெண்டும் உச்சியாலதான் போகுது. அந்த ஒண்டு கையில வந்தா திரும்ப ஜொயின்ட் மெதட்டுக்கு வழி திறந்திரும். செக்‌ஷனுக்கும் இப்பிடி ஒரு தடை இரிக்கு, வெட்டுல தெரியாத மெம்பர் மூண்டுக்கு மேல பட்டா, தேடுற ஒண்டத் தவிர மிச்ச எல்லாம் ஒரே புள்ளியில சந்திச்சாலோ ஒண்டுக்கொண்டு சமாந்தரமா கிடந்தாலோ ஒழிய ஒண்டும் செய்ய ஏலாது.

அப்ப எத எடுக்கிற? கேள்வியில எல்லா மெம்பர்ட விசையும் காண்க எண்டிரிந்தா நான் ஜொயின்ட்லதான் போவன், H-லயும் C-லயும் செக் எழுதுவன், கடைசியா நடுவுல ஒரு வெட்டு, ஒரு மொமென்ட், அது ரெண்டு நிமிசக் கதை. FG, FC, BC எண்டு பேர் சொல்லி ரெண்டு மூண்டு மட்டும் கேட்டிரிந்தா வெட்டு, ஆனா அதுல இலவச செக் இல்லாதபடியா ரியாக்‌ஷன A-ஐச் சுத்தி ஒருக்கா, E-ஐச் சுத்தி ஒருக்கா எடுத்து ரெண்டும் கூட்டி 80 வருதா எண்டு பாத்திட்டுத்தான் வெட்டுவன். "ஜொயின்ட் மெதட்டால" எண்டு கேள்வியிலயே எழுதியிரிந்தா செக்‌ஷன்ல எடுத்த விடைய விடையா எழுதாதீங்க, ஓரத்துல செக் எண்டு தலைப்புப் போட்டு மட்டும் எழுதுங்க. இழுவையா உதைப்பா எண்டு ஒவ்வொண்டுக்கும் பக்கத்துல குறிக்கணும், வெறும் மைனஸ விட்டிட்டு வந்தா திருத்துறவர் உங்கட குறி வழக்கத்தத் தேடிக்கிட்டிரிக்க மாட்டார்.

தம்பி பின்னேரம் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போகக்குள்ள D-ல 40 வச்சு இதே ட்ரஸ்ஸத் திரும்பச் செய்யச் சொல்லி அனுப்பினேன். ராவைக்கு மெசேஜ் போட்டிரிக்கான், DH இந்தத் தரம் சுழி இல்லையாம், 40 வருதாம்.